26 பேர் உள்ள குடும்பக் குழுவில் ஒரு நேரம் முடிவு செய்ய 9 நாள் ஆகிவிட்டது, இன்னும் முடியவில்லை

காவிரிக்கரை எழுதியது:

பெரியப்பாவுக்கு வரும் தை மாதம் சதாபிஷேகம். திருக்கடையூரிலா, ஊரில் வீட்டோடா என்று முடிவு செய்ய எல்லோரும் ஒரு மணி நேரம் காணொளியில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் காரியம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 26 பேர். கும்பகோணம், சென்னை, சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ, சிட்னி என்று சிதறிக் கிடக்கிறோம்.

முதலில் "எல்லோருக்கும் எப்போது வசதிப்படும்?" என்று கேட்டேன். அதுதான் நான் செய்த பாவம். ஒருவர் "வார இறுதி" என்றார். இன்னொருவர் "ஞாயிறு வேண்டாம்" என்றார். சித்தப்பா "எனக்கு எதுவானாலும் சரி" என்றார். அத்தை ஒன்றரை நிமிடக் குரல் பதிவு அனுப்பினார். அதில் முட்டி வலி இருந்தது, நேரம் இல்லை. நடுவில் யாரோ காலை வணக்கப் படம் போட, பேச்சு அங்கே போய்விட்டது.

பிறகு வாக்கெடுப்பு போட்டேன். 7 நேரங்கள், ஆளுக்கு ஒரு வாக்கு. 20 பேர் வாக்களித்தார்கள். 5, 4, 4, 3, 2, 1, 1. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? 5 வாக்கு வாங்கிய நேரத்தை அறிவித்தேன். உடனே நான்கு பேர் "எங்களுக்கு அது முடியாதே" என்றார்கள். எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

இதற்கு ஒழுங்கான வழி ஏதேனும் உண்டா?

---

நாலாவது மாடி எழுதியது:

கேட்கவே கூடாது அம்மா. எங்கள் குடியிருப்பில் பராமரிப்புக் கூட்டத்துக்கு நான் செயலாளராக இருந்த இரண்டு வருடமும் யாரையும் நேரம் கேட்டதில்லை. "இரண்டாம் ஞாயிறு காலை 10 மணி, கீழே வண்டி நிறுத்தும் இடம்" என்று அறிவிப்பேன். வருபவர் வருவார், வராதவர் தண்ணீர் லாரிக் கணக்கைப் பற்றி அடுத்த மாதம் வாய் திறக்கக் கூடாது. ஜனநாயகம் எல்லாம் நேரம் குறிப்பதற்குச் சரிப்படாது.

---

வரிசை எண் 17 எழுதியது:

நாலாவது மாடி சொல்வதில் பாதி சரி. ஒரே கட்டடத்தில் இருப்பவர்களுக்கு அறிவிப்பு போதும். ஐந்து நாட்டில் இருப்பவர்களுக்கு அறிவித்தால், யாரோ ஒருவரை விடியற்காலை 3 மணிக்கு எழுப்பிவிடுவீர்கள். அவர் வரவும் மாட்டார், மறக்கவும் மாட்டார்.

நான் பல ஊர்களில் இருக்கும் தமிழ்ப் பள்ளித் தன்னார்வலர்களுக்குக் கூட்டம் ஏற்பாடு செய்கிறவன். காவிரிக்கரை, முதலில் மூன்று கேள்வி. வாக்கெடுப்பில் பலவற்றைத் தேர்ந்தெடுக்க விட்டீர்களா? 26 பேரில் யார் இல்லாவிட்டால் கூட்டமே வீண்? நேரங்களை எந்த ஊர்க் கணக்கில் எழுதினீர்கள்?

---

காவிரிக்கரை எழுதியது:

1) விடவில்லை. அந்த Allow multiple answers என்பதை நானேதான் அணைத்தேன். ஆளுக்கு ஒரு வாக்கு என்பதுதானே நியாயம் என்று நினைத்தேன்.

2) அப்படி யோசிக்கவே இல்லை. இப்போது யோசித்தால் ஐந்து பேர். பெரியப்பாவின் இரண்டு மகன்கள் (மூத்த அண்ணன் சிட்னி, இளையவர் டொராண்டோ), புரோகிதரிடம் பேசப்போகும் சித்தப்பா, அத்தை, கணக்கு வைத்திருக்கும் நான்.

3) இந்திய நேரம். மற்றவர்கள் கூட்டிக் கழித்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

---

நீலக்குறிப்பேடு எழுதியது:

எதற்கு இவ்வளவு சிரமம்? When2meet என்று ஒரு தளம் இருக்கிறது. கணக்கு தொடங்க வேண்டாம். நாட்களைக் குறித்து இணைப்பை அனுப்பினால், ஒவ்வொருவரும் தங்களுக்கு முடிந்த நேரக் கட்டங்களில் வண்ணம் பூசுவார்கள். எந்தக் கட்டம் அதிகம் பச்சையாக இருக்கிறதோ அதுதான் நேரம். எங்கள் ஆய்வகத்தில் 12 பேருக்கு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

---

வரிசை எண் 17 எழுதியது:

உங்கள் ஆய்வகத்துக்கு அது நல்ல கருவி. எல்லோரும் கணினி முன்னால் இருக்கிறார்கள், எல்லோருக்கும் ஒரே கடிகாரம். குடும்பக் குழுவில் அதைப் போட்டுப் பாருங்கள். இணைப்பைத் தொட்டு, பெயர் எழுதி, நேர மண்டலம் சரியா என்று பார்த்து, கைப்பேசியின் சிறு திரையில் கட்டம் கட்டமாக விரலால் இழுக்க வேண்டும். குழுவை விட்டு வெளியே போகச் சொல்லும் ஒவ்வொரு படியிலும் சிலர் கழன்றுகொள்வார்கள். நான் ஒருமுறை அனுப்பியதில் 22 பேரில் 9 பேர்தான் நிரப்பினார்கள். அவர்களிலும் ஒருவர் நேர மண்டலத்தை மாற்றாமல் நிரப்பியிருந்தார். அவருடைய இரவெல்லாம் பச்சையாக இருந்தது.

காவிரிக்கரைக்கு வருகிறேன். உங்கள் 5, 4, 4, 3, 2, 1, 1 எதைச் சொல்கிறது? ஒவ்வொருவருக்கும் எது மிகவும் பிடித்தது என்று சொல்கிறது. உங்களுக்கு வேண்டியது அதுவல்ல. யாருக்கு எவையெல்லாம் முடியும் என்பதுதான் வேண்டும். 3 வாக்கு வாங்கிய நேரம் 17 பேருக்கு முடிகிற நேரமாக இருந்திருக்கலாம். ஆளுக்கு ஒன்று என்று பூட்டியதால் அது தெரியாமலே போய்விட்டது. ஒன்று என்று பூட்டாமல், ஒத்துவருவதை எல்லாம் குறிக்கலாம் என்று விடும் முறைக்கு ஏற்பு வாக்கு என்று பெயர். பிராம்ஸ், ஃபிஷ்பர்ன் என்ற இருவர் 1978-லேயே இதை அலசி எழுதியிருக்கிறார்கள். நாட்டுத் தேர்தலுக்கு அது சரியா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். நேரம் குறிக்க அதைவிட எளிதானது ஒன்றும் இல்லை.

---

பஞ்சாங்கப் பாட்டனார் எழுதியது:

சதாபிஷேகத்துக்கு நேரம் குறிப்பதை வாக்கெடுப்புக்கு விடுவது நான் கேள்விப்படாத விஷயம். பெரியவரின் ஜன்ம நட்சத்திரம் எந்த நாளில் வருகிறதோ அதைப் பார்த்துப் புரோகிதர் சொல்வார். குழந்தைகள் கை தூக்கி முடிவு செய்வதல்ல.

---

காவிரிக்கரை எழுதியது:

ஐயா, சதாபிஷேகத்துக்கு நாள் புரோகிதர்தான் குறிப்பார். நான் கேட்பது அதைப் பற்றிப் பேசுவதற்கான காணொளிக் கூட்டத்துக்கு நேரம்.

---

பஞ்சாங்கப் பாட்டனார் எழுதியது:

அப்படியா, சரி. ஆனாலும் சுபகாரியத்தைப் பற்றிய முதல் பேச்சு அல்லவா? ராகு காலத்தில் வைக்காதீர்கள். ஞாயிறு மாலை 4:30 முதல் 6 வரை. உங்கள் வீட்டிலும் என்னைப் போல் ஒருவர் இருப்பார். கடைசி நாளில் எழுந்து சொல்வார்.

---

காவிரிக்கரை எழுதியது:

ஐயா, நீங்கள் எங்கள் அத்தையைப் பார்த்தே பேசுவது போல் இருக்கிறது. நான் யோசித்து வைத்திருந்தது ஞாயிறு மாலை 5 மணி!

---

வரிசை எண் 17 எழுதியது:

பாட்டனார் ஐயா சொன்னது இந்த இழையிலேயே பயனுள்ள தகவல் என்பேன். யாரோ ஒருவர் நிச்சயம் தடுக்கப்போகும் நேரத்தை வாக்குக்கே வைக்கக் கூடாது. வைத்தால் அது ஜெயித்துத் தொலைக்கும்.

அடுத்தது, நேரங்களைச் சலிப்பது. 26 பேரையும் சேர்த்துக் கேட்கும் முன் நீங்கள் மட்டும் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. உங்கள் ஊர்களில் இரண்டு நுனி டொராண்டோவும் சிட்னியும். மற்றவர்கள் நடுவில் எங்கேயாவது அடங்கிவிடுவார்கள். அக்டோபர் கடைசியில் சென்னையில் மாலை 5 என்றால் டொராண்டோவில் காலை 7:30, சிட்னியில் இரவு 10:30. இதைவிட முன்னே தள்ளினால் டொராண்டோ தூங்கும், பின்னே தள்ளினால் சிட்னி தூங்கும். ஆக உங்களிடம் இருப்பதே ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேர இடுக்கு. முதல் வாக்கெடுப்பின் 7 நேரங்களில் எத்தனை இந்த இடுக்கில் இருந்தன?

இன்னொன்று கவனியுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று லண்டனில் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைப்பார்கள். டொராண்டோவில் அது நவம்பர் முதல் ஞாயிறு. சிட்னியில் அக்டோபர் முதல் ஞாயிறே ஒரு மணி முன்னால் வைத்துவிட்டார்கள். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் மாற்றமே இல்லை. அதனால் "போன வாரம் இதே நேரம்தானே" என்ற கணக்கு இந்தச் சில வாரங்களில் செல்லாது. நவம்பர் 7-க்குத் தள்ளிப்போட்டால் சென்னை மாலை 5 மணி டொராண்டோவில் காலை 6:30 ஆகிவிடும்.

---

இரவுப்பணி எழுதியது:

என் கதையையும் சொல்கிறேன். நான் மருத்துவமனையில் செவிலியர். எங்கள் பணிச்சுற்று அட்டவணை மாதக் கடைசியில்தான் வரும். தோழிகள் குழுவில் மூன்று வாரம் முன்னாலேயே வாக்கெடுப்பு போடுவார்கள். நான் எதைக் குறிப்பது? எல்லாவற்றையும் குறித்தால் பொய். ஒன்றும் குறிக்காவிட்டால் "இவளுக்கு விருப்பமே இல்லை" என்கிறார்கள். போன தடவை குறித்த நாளில் இரவுப் பணி விழுந்தது. வராததற்கு இன்றுவரை பேச்சு வாங்குகிறேன். உங்கள் கணக்கில் என்னைப் போன்றவர்களுக்கு இடம் எங்கே?

---

நீலக்குறிப்பேடு எழுதியது:

டூடுல் என்ற தளத்தின் வாக்கெடுப்பில் "தேவைப்பட்டால் வருவேன்" என்ற மூன்றாவது பதில் உண்டு. வாட்ஸ்அப்பில்தான் இல்லை.

---

வரிசை எண் 17 எழுதியது:

மூன்றாவது பதில் இருந்தாலும் செவிலியர் அம்மாவின் சிக்கல் தீராது. அவருடைய பதில் "ஒருவேளை" அல்ல, "25-ஆம் தேதிக்குப் பிறகு சொல்கிறேன்" என்பது. நான் அப்படிப்பட்டவர்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்பி, அட்டவணை எந்தத் தேதியில் வரும் என்று கேட்டுக்கொள்வேன். அவர் இன்றியமையாதவர் என்றால் வாக்கெடுப்பின் கடைசி நாளை அதற்குப் பிறகு வைப்பேன். இல்லையென்றால் காத்திருக்க மாட்டேன், அதையும் அவரிடம் சொல்லிவிடுவேன். இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

காவிரிக்கரை, முதலில் உங்கள் ஐந்து பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். குழுவில் அல்ல. "எப்போது முடியும்" என்றும் வேண்டாம். "அக்டோபர் 24, 25, 31 மாலைகளில் எது அறவே முடியாது?" என்று கேளுங்கள். முடியாததைச் சொல்வது எல்லோருக்கும் எளிது. அதில் தப்பிப் பிழைப்பவற்றில் மூன்றை மட்டும் குழுவில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் 12 வரை போடலாம் என்பதற்காகப் போடாதீர்கள். பட்டியல் நீண்டால் மக்கள் மேலே இருப்பதைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

வாக்கெடுப்புக்கு முன்னால் இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

> சதாபிஷேகம் பற்றிப் பேச ஒரு மணி நேரக் காணொளிக் கூட்டம். கீழே மூன்று நேரங்கள். உங்களுக்கு முடிந்தவை எல்லாவற்றையும் தொடுங்கள், ஒன்று மட்டும் அல்ல. மூன்றும் முடியாது என்றால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். புதன் இரவு 9 மணிக்கு (இந்திய நேரம்) முடித்துவிடுவேன். வியாழன் காலை நேரத்தை அறிவிப்பேன். அதன் பிறகு மாற்றம் இல்லை.

வாக்கெடுப்பின் ஒவ்வொரு வரியிலும் கிழமை, தேதி, ஊர்வாரியாக நேரம் எல்லாம் இருக்கட்டும். "சனி இரவு 12" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது வெள்ளி முடிந்த நள்ளிரவா, சனி முடிந்த நள்ளிரவா என்று கேட்டே இருபது செய்தி வரும். வாக்கெடுப்பை 7 நாளுக்குக் குழுவின் மேலே பொருத்தி வையுங்கள், காலை வணக்கங்களுக்கு அடியில் புதையாது.

---

நாலாவது மாடி எழுதியது:

பதிலே சொல்லாதவர்களை என்ன செய்வதாம்? எந்தக் குழுவிலும் கால்வாசிப் பேர் சுவர்தான். மௌனம் சம்மதம் என்று அந்தச் செய்தியிலேயே எழுதிவிட வேண்டும்.

---

சிட்னி மயில் எழுதியது:

மௌனம் சம்மதம் என்பது மணமேடைக்குச் சரி. செய்தியைப் பார்க்காதவரும் மௌனமாகத்தான் இருப்பார். என் மாமனார் வாரம் ஒருமுறைதான் வாட்ஸ்அப்பைத் திறப்பார்.

---

வரிசை எண் 17 எழுதியது:

அதைக் கண்டுபிடிக்கலாம். நீங்கள் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து Info பார்த்தால் யார் படித்தார்கள் என்று வரும். நீலக்குறியை அணைத்து வைத்திருப்பவர்களும் குழுவில் படித்தால் தெரிந்துவிடும். அந்த அணைப்பு குழுக்களுக்குச் செல்லாது. படித்தும் பேசாதவரை நாலாவது மாடி சொன்னபடி எடுத்துக்கொள்ளுங்கள். படிக்காதவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. என் அனுபவத்தில் அது இரண்டு மூன்று பேருக்கு மேல் இராது.

ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் யார் எதற்கு வாக்களித்தார் என்று எல்லோரும் பார்க்கலாம். பிறர் குறித்ததைப் பார்க்க முடிகிற டூடுல் வாக்கெடுப்புகளை ஆராய்ந்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. அப்படிப்பட்டவற்றில் எல்லோரும் விரும்பும் நேரத்துக்கும், யாருமே விரும்பாத நேரத்துக்கும் அதிகம் பேர் சம்மதம் குறிக்கிறார்களாம். முன்னது கூட்டத்தோடு போவது. பின்னதைத் தாராள மனது போல் காட்டிக்கொள்வது என்று விளக்குகிறார்கள். எப்படியும் அது ஜெயிக்காது என்று தெரியுமே! அதனால் பெரியவர் ஒருவர் முதலில் வாக்களித்தால் மற்றவர்கள் அவர் பின்னால் போவார்கள். இன்றியமையாத ஐந்து பேரை முன்கூட்டியே தனியாகக் கேட்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

---

காவிரிக்கரை எழுதியது (5 நாள் கழித்து):

நடந்ததைச் சொல்கிறேன்.

ஐந்து பேரையும் தனியாகக் கேட்டேன். டொராண்டோ அண்ணன் "காலை 7:30 முடியும், அதற்கு முன்னால் முடியாது" என்றார். சித்தப்பா மறுபடியும் "எதுவானாலும் சரி" என்றார். "31 மாலை?" என்றேன். "வரலாம், கிளம்பத்தான் நேரமாகும், அன்று வயலில் ஆள் விட்டிருக்கிறேன்" என்றார். பாருங்கள், நாளைச் சொல்லிக் கேட்டால்தான் அவருக்கு வாய் திறக்கிறது. சிட்னி அண்ணன் மட்டும் பணிப்பயணத் தேதி தெரியாமல் பதில் சொல்லவில்லை.

மூன்று வைத்தேன்: 24 சனி மாலை 5; 25 ஞாயிறு மாலை 6:15 (பாட்டனார் ஐயாவுக்கு நன்றி, ராகு காலம் முடிந்து கால் மணி); 31 சனி மாலை 5. ஒவ்வொன்றிலும் ஆறு ஊர் நேரமும் எழுதினேன். முதல் தடவை லண்டனுக்கு 24-க்கும் 31-க்கும் ஒரே நேரத்தை எழுதிவிட்டேன், அனுப்பும் முன் பார்த்துத் திருத்தினேன். 24-இல் பகல் 12:30, 31-இல் காலை 11:30.

அத்தை வாக்களிக்கவில்லை, குரல் பதிவுதான் அனுப்பினார். "சனிக்கிழமை நல்லது" என்றார். எந்தச் சனி? அழைத்துக் கேட்டேன். இரண்டும் சரி என்றார். அவருக்காக நான் என் கைப்பேசியில் குறித்தால் அது என் பெயரில்தான் விழும், அதனால் தாளில் கூட்டினேன்.

முடிவு: 31-க்கு 18 பேர், 24-க்கு 16, 25-க்கு 11. கடைசி நிமிடத்தில் சிட்னி அண்ணன் 31-இல் விமானத்தில் இருப்பார் என்று தெரிந்தது. 24-இல் ஐந்து பேரும் இருக்கிறார்கள். 24 என்று அறிவித்துவிட்டேன். நாள்காட்டி அழைப்பும் அனுப்பினேன், அவரவர் ஊர் நேரத்தில் காட்டும்.

சிங்கப்பூர் மாமா மகன் கேட்டான்: "18 பேர் கேட்டதை விட்டு 16 பேர் கேட்டதைக் கொடுத்தாயே, பிறகு எதற்கு வாக்கெடுப்பு?"

---

நாலாவது மாடி எழுதியது:

நியாயமான கேள்வி. இதைத்தான் நான் முதலிலேயே அறிவித்துவிடுங்கள் என்றேன்.

---

வரிசை எண் 17 எழுதியது:

காவிரிக்கரை, நீங்கள் முதலிலேயே அறிவித்திருந்தால் ராகு காலத்தில் ஞாயிறு 5 மணியைத்தான் அறிவித்திருப்பீர்கள். ஆனால் மாமா மகன் கேட்டதும் சரி. ஐந்து பேர் இருந்தால்தான் கூட்டம் என்பதை வாக்கெடுப்புக்கு முன்னால் குழுவில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அதைச் சொல்லத் தவறியது என் பிழை. குடும்பத்துக்குள் யார் முக்கியம் என்று எழுதுவது எவ்வளவு சங்கடம் என்று நான் யோசிக்கவில்லை. பள்ளிக் குழுவில் பொறுப்பாளர் என்ற பெயர் இருக்கிறது, எழுதிவிடலாம். "பெரியப்பாவின் பிள்ளைகள் இருவரும் இருக்கும் நாள்" என்று எழுதினால் உங்கள் வீட்டில் செல்லுமா?

---

காவிரிக்கரை எழுதியது:

பிள்ளைகள் என்றால் செல்லும். அத்தையையும் சித்தப்பாவையும் பட்டியலில் எழுதினால் மற்ற அத்தை என்ன சொல்வார் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

---

சிட்னி மயில் எழுதியது:

எல்லாம் சரி. எப்போதும் நாங்கள்தான் இரவு 10:30-க்கு உட்கார வேண்டுமா? என் குடும்பக் குழுவிலும் இதே கதை. மூன்று வருடமாக டொராண்டோக்காரர்கள் காப்பியோடு வருகிறார்கள், நாங்கள் கொட்டாவியோடு வருகிறோம்.

---

காவிரிக்கரை எழுதியது:

அண்ணனும் இதையேதான் சொன்னார். அடுத்த கூட்டம் நவம்பர் 7. அவருக்கு வசதியாகச் சென்னை மாலை 4-க்கு மாற்றினால் சிட்னியில் இரவு 9:30. டொராண்டோவில் காலை 5:30. இளையவரிடம் இன்னும் கேட்கவில்லை. முதலில் அண்ணியிடம் பேசிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.